கோபமெல்லாம் ஒன்றும் இல்லை

குன்னூர்
9.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரேகா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்கள் என் போனை எடுப்பதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு குறை கிடையாது. அண்ணிக்குப் போட்டால், "இது அண்ணன் தங்கச்சி விவகாரமுங்க, என்னை இழுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் தபால். போஸ்ட்மேன் வாசலில் நின்று நீட்டினால் வாங்காமலா இருப்பீர்கள்?

முதலில் வேலை விஷயம். நான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் லூயிஸ் ஒரு மனநல அறை ஆரம்பித்திருக்கிறார். கொழுந்து பறிக்கிற பெண்கள் வருகிறார்கள், நாற்காலியில் உட்காருகிறார்கள், "ஒண்ணுமில்லீங்க டாக்டர், சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போகிறார்கள். அதனால் டாக்டர் இங்கிலீஷில் அச்சடித்த அட்டைக் கட்டு ஒன்றை வரவழைத்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் உணர்ச்சியின் பெயர் இருக்கும். மேசையில் பரப்பி வைத்து, "இன்னைக்கு உங்க மனசு எதும்மா?" என்று கேட்டால், வாய் திறக்காதவர்கள்கூடக் கை நீட்டித் தொடுவார்களாம்.

அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு. ஆனால் நான் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மூல இங்கிலீஷைப் பார்க்காத இன்னொருவர் என் தமிழைத் திரும்ப இங்கிலீஷாக்க வேண்டும். பிறகு இரண்டு இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே என் தமிழ் தப்பு. தேவாலாவில் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் இருக்கிறார், தப்புக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர் என்று டாக்டரிடம் சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

முதல் தவணைச் சொற்கள்: அவமானம், தனிமை, குற்ற உணர்வு, ஏமாற்றம், கூச்சம், ஏக்கம். இங்கிலீஷில் என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது.

இனி வீட்டு விஷயம். உங்கள் மருமகள் சுவாதிக்குக் காதுகுத்து ஆவணியில், அன்னூர் கோயிலில். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அதற்கப்புறம்தான் போன் எடுப்பது நின்றது. நேராகவே கேட்கிறேன். கோபமா?

அன்புடன்,
ரேகா


தேவாலா
17.6.2025

மொழிபெயர்ப்பாளர் திருமதி சசிரேகா பிரசாத் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் சொற்களும் கிடைக்கப் பெற்றேன். இங்கே மழை. கூடலூர் சாலையில் மண் சரிந்து தபால் ஒரு நாள் தாமதம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகுவதால் ஆறும் ஏழும் ஒரே அறையில் ஆங்கிலம் கற்கின்றன. கற்கின்றன என்பது மரியாதைக்குச் சொல்வது.

கேட்டபடி:

அவமானம்: ஹ்யூமிலியேஷன். இது மற்றவர் நமக்குச் செய்வது. நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். அறைக்குள் தனியாக இருப்பவனுக்கு அவமானம் நேராது.

தனிமை: சாலிட்யூட். மனிதர்கள் இதைத் தேடி ஊட்டிக்கு ரூம் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

குற்ற உணர்வு: கில்ட். ஆனால் இந்தச் சொல் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மனிதர்கள், "மனசு உறுத்துது" என்பார்கள். செருப்புக்குள் கல் கிடந்தால் என்ன செய்யுமோ அதுதான் உறுத்தல். குற்ற உணர்வு என்று அட்டையில் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும்.

ஏமாற்றம்: டிஸப்பாயின்ட்மென்ட். ஆனால் டிஸப்பாயின்ட்மென்டில் ஏமாற்றியவன் ஒருவன் இருக்க வேண்டியதில்லை. மழை பெய்து கிரிக்கெட் நின்றாலும் வரும். தமிழில் இந்த அட்டையைத் தொடுகிறவரிடம், யார் ஏமாற்றியது என்று உடனே கேட்கத் தோன்றும்.

கூச்சம்: ஷைனஸ். பல்லுக்கா, கண்ணுக்கா, அக்குளுக்கா, மனசுக்கா என்று தாங்கள் குறிப்பிடவில்லை. நான்குக்கும் நமக்கு ஒரே சொல்தான்.

ஏக்கம்: லாங்கிங் என்று போட்டிருக்கிறேன். ஆனாலும் திருப்தி இல்லை. லாங்கிங் உள்ளவன் எழுந்து போய் அதை அடைய முயலலாம். ஏங்குகிறவனுக்கு எழுந்து போக வழி இல்லை. உட்கார்ந்த இடத்தில் இளைப்பான். பைனிங் என்றால் இன்னும் கிட்டே வரும். ஆனால் இன்றைக்கு இங்கிலீஷ் பேசுகிறவன் அதைச் சொன்னால் நாடகம் போடுகிறான் என்பார்கள்.

மற்றபடி தாங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில்: கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அழைப்பிதழ் அச்சு நன்றாக வந்திருக்கிறது. யானைக் குட்டிப் படம் அழகு. எனக்கும் இன்னும் இருநூறு பேருக்கும் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்ததைப் பார்த்து அறிவியலின் வளர்ச்சியை வியந்தேன்.

இப்படிக்கு,
கமலேஷ்


குன்னூர்
24.6.2025

அண்ணா,

"திருமதி சசிரேகா பிரசாத் அவர்களுக்கு" என்று பார்த்ததும் மின்சார வாரியத்திலிருந்து நோட்டீஸ் என்று நினைத்து இவர் பிரிக்கவே பயந்தார். சரி, இருக்கட்டும்.

வேலையில் என் மானம் போனது. இப்போது சொல்லலாம், மூலத்தில் இருந்தவை இவை. நான் அவமானம் என்று எழுதியது ஷேம் என்ற அட்டைக்கு. தப்பு செய்துவிட்டு, யாரும் பார்க்காவிட்டாலும் உள்ளுக்குள் குறுகிப் போகிறோமே, அது. நீங்கள் திருப்பி அனுப்பியதோ நாலு பேர் முன்னால் அறை வாங்கினவன் நிலைமை. வெட்கம் என்று மாற்றலாமா என்றால், கல்யாணப் பெண்ணும் வெட்கப்படுகிறாள். கடைசியில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, "என்னை நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு" என்று முழு வரியாகப் போட்டோம். அந்த "எனக்கே" வந்ததும் கல்யாணப் பெண் விலகிப் போய்விட்டாள்.

தனிமை என்று நான் எழுதியது லோன்லி அட்டைக்கு. மூக்கம்மா என்று ஓர் அம்மா, எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறவர், அந்த அட்டையை ஆசையாகத் தடவிப் பார்த்து, "இது எங்கீங்க கெடைக்குது?" என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது அந்த அட்டையில், "எனக்குன்னு யாரும் இல்லாத மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறோம். அன்றைக்கு மதியமே இரண்டு பேர் தொட்டார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இங்கிலீஷ் அட்டை எல்லாம் "ஐ ஆம்" என்று ஆரம்பிக்கிறது. ஐ ஆம் ஆங்ரி, ஐ ஆம் ஷை. ஆளே கோபமாகிவிடுகிறான். நமக்கோ கோபம் வருகிறது, வெட்கம் வருகிறது, விருந்தாளி மாதிரி. வந்தது போகவும் செய்யும். இல்லாவிட்டால் படுகிறோம். கவலைப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம். சந்தோஷத்தைக்கூட நாம் படத்தான் வேண்டியிருக்கிறது. டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் எல்லா அட்டையையும் "எனக்கு" என்று தொடங்கச் சொல்லிவிட்டார்.

இப்போது அடுத்த வேலை. இங்கிலீஷ் அட்டைகளையே, இங்கிலீஷ் தெரிந்த நம்மூர் ஆளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். கட்டு முழுவதையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மனசு இப்போது எப்படி இருக்கிறதோ அந்த அட்டையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். கோபம் இல்லை என்றால் சரி, எதுதான் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்துவிடும். சுவாதி மாமா போட்டோவைப் பார்த்து ஏங்குகிறாள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ரேகா


தேவாலா
2.7.2025

ரேகாவுக்கு,

பத்து மாதக் குழந்தை என்னை இரண்டு தடவை பார்த்திருக்கிறது. இரண்டு தடவையும் கத்தி அழுதது. அது ஏங்குகிறது என்று எழுதுகிற கைக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அட்டைகளை ஸ்டாஃப் ரூம் மேசையில் பரப்பி நேர்மையாகப் பார்த்தேன். ஆங்ரி? இல்லை. கோபம் என்றால் கத்தத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. சேட்? இல்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஜெலஸ்? யார்மேல்? ஆங்ஷஸ்? இல்லை. ரிஜெக்டட் என்று ஒன்று இருந்தது, நீ என்னைத் தள்ளிவைக்கவில்லையே. எம்பாரஸ்டு இல்லை. எக்ஸைட்டடு என்பதற்குத் தமிழே இல்லாததால் அது எனக்கு வந்ததே கிடையாது. ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டேன். ஃபைன் என்று ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை இணைத்திருக்கிறேன்.

காதுகுத்தை நல்லபடியாக நடத்துங்கள். ஆவணியில் பள்ளிக்கூடத்தில் தேர்வு இருக்கும். என்னை எதிர்பார்த்து எந்த ஏற்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

கமலேஷ்


குன்னூர்
9.7.2025

அன்புள்ள அண்ணா,

அப்பாடா. எத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இது. உங்கள் அட்டை வந்ததும் இவரிடம் காட்டினேன். "பாத்தியா, உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்கார். நீதான் தூக்கம் கெட்டுக் கெடக்கிற" என்றார். டாக்டரும் பார்த்தார். சும்மா சொல்கிறார் என்று நினைக்காதே, அட்டையைத் தொட்டவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முறை என்றார். அதனால் நானும் ஏற்றுக்கொண்டேன்.

தேர்வு இருப்பதால் நீங்கள் வர முடியாது என்பதும் புரிந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? யோசித்துப் பார்த்தோம். நம் சித்தப்பா மகன் ஆறுக்குட்டி அண்ணன் அன்னூரிலேயே இருக்கிறார். முறைக்கு அவரும் தாய்மாமன்தானே. கேட்டதும் உடனே சம்மதித்துவிட்டார். அடுத்த நாளே பட்டு வேட்டி எடுத்தாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சீர் தட்டு ஒன்பது வைக்கிறேன் என்று அன்னூர் முழுக்கச் சொல்லியாயிற்று.

உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று தெரியும். ஃபைன் அட்டை என் மேசைமேல்தான் இருக்கிறது.

அன்புடன்,
ரேகா


தேவாலா
12.7.2025

ஏ ரேகா,

ஆறுக்குட்டியா?

உனக்கு ஏழு வயதில் ஊஞ்சலில் வைத்துத் தள்ளிவிட்டு, விழுந்ததும் ஓடிப்போனானே, அந்த ஆறுக்குட்டியா? உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது யார்? உன் கல்யாணத்தில் பந்தியில் பாயசம் பத்தவில்லை என்று மைக்கில் சொன்னானே, அவன் மடியிலா என் மருமகள் உட்காருவாள்? சீர் தட்டு ஒன்பதாம். தட்டு எத்தனை வைக்க வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? உன் அண்ணி சித்திரை மாதமே பட்டுப் பாவாடை எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். பத்து மாதக் குழந்தைக்கு அளவு தெரியாமல் மூன்று அளவில் எடுத்திருக்கிறோம்.

ஃபைன் என்று அனுப்பினேன், உண்மைதான். நீ அனுப்பிய கட்டில் என் மனசு இல்லை. இல்லாத அட்டையை எப்படி அனுப்புவது? கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லை. பொய் சொல்லவில்லை. எனக்கு இருப்பது மனத்தாங்கல்.

அது என்னவென்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் நீ உத்தியோகத்தில் இருப்பதால் எழுதுகிறேன். கோபம் யார்மேலும் வரும். பஸ் கண்டக்டர்மேல் வரும், மழைமேல் வரும். மனத்தாங்கல் நம்மவர்கள்மேல் மட்டும்தான் வரும். இவர்களிடம் நமக்கு ஓர் உரிமை இருக்கிறது, கேட்காமலே தருவார்கள் என்று நினைத்து, அவர்கள் தராதபோது வருவது அது. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. அதனால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. கோபக்காரன் கத்துவான். மனத்தாங்கல்காரன் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். உனக்கு நான் "தாங்கள்" என்று எழுதியபோதே தெரிந்திருக்க வேண்டாமா?

அப்பாவும் அம்மாவும் இல்லை. உனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்த ஒழுகுகிற வீடுதான். அந்த வீட்டுக்கு நீ வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, "அண்ணா, மடி குடுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யானைக் குட்டி வந்து சொன்னது.

மனசு விட்டுப் போச்சு ரேகா. அவ்வளவுதான்.

கமலேஷ்

பி.கு. இதை எழுதியது பெரிய தப்பு. சொல்லிவிட்டதால் இனிமேல் நீ வந்தாலும் நான் சொல்லி வந்ததாகத்தான் ஆகும்.


குன்னூர்
18.7.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. நிஜமான கோபம், அட்டையில் இருக்கிறதே, அதேதான்.

உங்களுக்கு மட்டும்தான் மனத்தாங்கலா? சுவாதி பிறந்து பத்து மாதத்தில் இரண்டு தடவை வந்தீர்கள். இரண்டு தடவையும் குடையை மடக்காமல் நின்றுகொண்டே பார்த்துவிட்டு, கடைசி பஸ் என்று கிளம்பினீர்கள். மாமன் ஒரு நாள் தங்குவான், பிள்ளையைத் தூக்குவான் என்று நான் எத்தனை நினைத்திருந்தேன். காதுகுத்துக்கு நாள் பார்த்ததும் "எப்போ ரேகா, நான் என்ன பண்ணணும்?" என்று நீங்களாகக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி உங்களுக்கும் அனுப்பினால் உங்களுக்கு உறைக்கட்டும் என்று வேண்டுமென்றே. உறைத்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேனா என்றால் இல்லை. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆக, நீங்கள் நான் கேட்பேன் என்று காத்திருந்தீர்கள். நான் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் ஃபைன்.

மேசைமேல் கிடந்த உங்கள் கடிதத்தைப் பார்த்து, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று டாக்டர் லூயிஸ் கேட்டார். அந்த மனத்தாங்கல் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் துள்ளிக் குதிக்காத குறை. இந்த அட்டை இல்லாமல் கட்டே வீண், உடனே சேர்க்கணும் என்றார். சேர்த்தோம். பக்கத்து ஊரான கட்டபெட்டு கிளினிக்கில் வைத்துப் பார்த்தால், மருமகள்கள் தொடுகிறார்கள், மாமியார்கள் தொடுகிறார்கள், ஆண்டாயி அம்மாவின் மகன், டிரைவர் வேலை பார்க்கிறவன், தொட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசினான். அந்த ஓர் அட்டை மட்டும் ஓரம் நைந்துவிட்டது.

ஆனால் வெளியூர் டாக்டர்களுக்காக ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் இங்கிலீஷ் வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டோம். அகராதி ரிசென்ட்மென்ட் என்றது. அதைத் தனியாக ஒரு நர்ஸிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னோம். வன்மம் என்று திரும்பி வந்தது. வன்மம் வைத்தவன் கெடுக்க நினைப்பான், நீங்களா எனக்குக் கெடுதல் நினைப்பீர்கள்? ஹர்ட் என்று போட்டால் புண்பட்ட மனசு என்று வந்தது. பக்கத்தில்தான், ஆனால் யார் வேண்டுமானாலும் புண்படுத்தலாமே, உரிமை எங்கே போனது? அஃபெண்டட் என்பதற்கு அவமதிக்கப்பட்டவர் என்று வந்தது. சல்க்கிங் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது. அது உங்கள் முகம் செய்வது. மனசு செய்வது இல்லை.

இங்கிலீஷ் வாத்தியார்தான் சொல்ல வேண்டும். பின்பக்கம் என்ன எழுதட்டும்?

இனி ஆறுக்குட்டி அண்ணன் விஷயம். வேட்டி எடுத்தவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

ரேகா


தேவாலா
24.7.2025

அன்புள்ள ரேகா,

குடையை மடக்காதது உண்மை. பச்சைக் குழந்தையைத் தூக்க எனக்குப் பயம். கீழே போட்டுவிடுவேன் என்றே தோன்றும். வாத்தியார் பயந்தாங்கொள்ளி என்று மாப்பிள்ளை பிரசாத் முன்னால் தெரிய வேண்டாமே என்று பஸ்ஸைக் காரணம் காட்டினேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உன் வீட்டுத் தெரு முனை டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உன் சொல்லுக்கு இங்கிலீஷ் தேடினேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் தொல்லை செய்தேன். கணக்கு டீச்சர் மிஃப்டு என்றார். அது சின்ன விஷயத்துக்கு, சாயங்காலம் மறந்துவிடும். அக்ரீவ்டு என்று ஒரு சொல் இருக்கிறது, கோர்ட்டில் கேஸ் போடுகிறவனுக்கு. அம்ப்ரேஜ் என்று ஒன்று பொருந்துகிற மாதிரி வந்தது. ஆனால் அதை மனிதர்கள் எடுத்துக்கொள்வார்களாம், டேக் அம்ப்ரேஜ். நமக்கு இது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, எடுக்க வேண்டியதே இல்லை.

கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான். இங்கிலீஷ்காரனுக்கு இந்த உணர்ச்சி இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அவன் அண்ணனும் ஒரு நாள் தங்கையிடம் இதைச் சொல்லியிருப்பான். ஒரு வார்த்தையாகச் சொல்லியிருக்க மாட்டான், நீ ஷேமுக்குச் செய்ததுபோல ஒரு வரியாகச் சொல்லியிருப்பான். அதனால் அட்டையின் பின்பக்கம் ஒரு வரி போடு: "யூ ஷுட் ஹேவ் கம்." நீ வந்திருக்கணும். அதில் எதிராளி இருக்கிறாள், உரிமை இருக்கிறது, கத்தல் இல்லை. வேறு யாரிடமும் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். வேண்டாதவர் வராவிட்டால் நிம்மதிதானே.

உன் டாக்டர் முறைப்படி இதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்.

கமலேஷ்


குன்னூர்
5.8.2025

அண்ணா,

அந்த வரி பாஸாகிவிட்டது. அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காத இன்னொரு நர்ஸிடம் யூ ஷுட் ஹேவ் கம் என்று மட்டும் காட்டி, இப்படிச் சொல்கிறவருக்கு என்ன மனசு என்று கேட்டோம். "மனத்தாங்கல்ங்க" என்றாள், யோசிக்கவே இல்லை. டாக்டர் மேசையைத் தட்டினார்.

நான் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தட்டும் குழந்தையுமாக ஊட்டி, கூடலூர் என்று மாறி மாறி பஸ் ஏறி, நனைந்துகொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றேன். இத்தனை கடிதம் எழுதிய இரண்டு பேரும் நேரில் என்ன பேசினோம்? நீங்கள், "மழையா?" என்றீர்கள். நான், "ஆமாங்ண்ணா" என்றேன். பிறகு கூடலூர் ரோட்டைப் பற்றி, பச்சைத் தேயிலை விலையைப் பற்றி, உங்கள் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினோம். அண்ணி உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. கிளம்பும்போது தட்டை நீட்டி, "அண்ணா, மடி குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தட்டை வாங்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி, "பாக்கலாம்" என்றீர்கள்.

அண்ணா, பாக்கலாம் என்றால் வருகிறேனா, இல்லையா? இதற்கு ஓர் அட்டை போட என்னால் முடியாது. நீங்கள் வருவதாக இருந்தால் ஆறுக்குட்டி அண்ணனிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று நினைத்தாலே பதறுகிறது.

சுவாதியை நீங்கள் பயந்து பயந்துதான் தூக்கினீர்கள். ஆனால் போடவில்லை. அவளும் அழவில்லை.

ரேகா


தேவாலா
13.8.2025

அன்புள்ள ரேகா,

தட்டை வாங்கிய பிறகு இதென்ன கேள்வி? லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் தாய்மாமன் கடமை என்று எழுதினேன். ஹெட்மாஸ்டர் திருத்தம் எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பாவாடை மூன்றில் நடுவில் உள்ளது சரியாக இருக்கும், தூக்கிப் பார்த்ததில் எனக்கே தெரிந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நிறையப் படுகிறேன்.

ஆறுக்குட்டியிடம் நீ சொல்ல வேண்டாம் என்று நேற்று நானே அன்னூர் போய்விட்டு வந்தேன். வாசலிலேயே வரவேற்றான். விஷயத்தைச் சொன்னேன். மூத்தவன் நான் வருகிறேன், மடி என் மடி, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

முகம் மாறவே இல்லை. "அதுக்கென்னங்க, தாராளமா செய்யுங்க. நீங்கதானுங்களே மூத்தவரு" என்றான். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று பேசியவன், நேற்று முழுக்க "நீங்க", "உங்க". வேட்டி வீணாகிவிட்டதே என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, தீபாவளிக்கு ஆச்சு என்று சிரித்தான். டீ கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, பஸ் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

உனக்குப் புரிந்திருக்கும். ரேகா, காதுகுத்துக்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே தட்டோடு நேராக அன்னூர் வந்துவிடு. நானும் வருகிறேன். இரண்டு பேருமாகப் போய் அவன் வாசலில் நிற்போம்.

உன் அண்ணன்,
கமலேஷ்